ஒரு சவர்க்காரம், பற்றுச்சீட்டில் ஏழு: கமராவால் பார்கோட் வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலியில் ஒரு பலசரக்குக் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த செயலியின் விற்பனைத் திரையை முதன்முதலில் பாவித்துப் பார்த்த கடைக்கார அண்ணை, "தம்பி, நான் ஒண்டைத்தானே காட்டினனான், ஏன் ஏழு விழுந்திருக்கு?" என்று கேட்டார். கடைகளில் உள்ள கைப்பிடி ஸ்கேனரின் விசையை ஒருமுறை அழுத்தினால் இலக்கம் ஒருமுறைதான் வரும். கமராவோ வினாடிக்குப் பல படங்களை எடுக்கிறது. பார்கோட் தெரியும் ஒவ்வொரு படத்துக்கும் வாசிக்கும் லைப்ரரி அதே இலக்கத்தை மீண்டும் தருகிறது.

இதற்குப் பலரும் செய்யும் திருத்தம், ஒரு பொருளைச் சேர்த்தபின் ஒன்றரை வினாடிக்கு அதே இலக்கத்தை ஏற்காமல் விடுவதாகும். நானும் அதையே செய்தேன், அதுவும் தவறுதான். வாடிக்கையாளருடன் கதைத்தபடி சவர்க்காரத்தை நான்கு வினாடி கமராவின் முன் பிடித்திருந்தால், தொடக்கத்தில் ஒன்று, ஒன்றரை வினாடியில் ஒன்று, மூன்றாவது வினாடியில் ஒன்று என மூன்று சேர்ந்துவிடும். எனவே நேரத்தை, பொருளைச் சேர்த்த கணத்திலிருந்து அல்லாமல், அந்த இலக்கம் கடைசியாகக் கண்ணிற்பட்ட கணத்திலிருந்து கணக்கிட வேண்டும்.

கடைசி இலக்கத்தை ஒரேயொரு மாறியில் வைப்பதும் ஆகாது. மேசையில் சவர்க்காரமும் விசுக்கோத்துப் பெட்டியும் அருகருகே இருந்து இரண்டும் மாறி மாறி வாசிக்கப்பட்டால், ஒவ்வொரு முறையும் அது "புதிய" இலக்கமாகவே தோன்றும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனி நேரம் வைத்தால் இச்சிக்கல் இல்லை:

```js
const t = lastSeen.get(code) ?? -Infinity;
lastSeen.set(code, now);
if (now - t > 800) addItem(code);
```

இங்கு `lastSeen` என்பது ஒரு `Map`. நேரம் மில்லிவினாடியில் உள்ளது. இரண்டாம் வரி நிபந்தனைக்குள் போய்விட்டால் பழைய தவறே திரும்பி வரும். இடைவெளியை 200 ஆகக் குறைத்தால், பளபளக்கும் உறையில் வெளிச்சம் பட்டுச் சில படங்கள் வாசிக்கப்படாமற் போகும்போது, பொருள் போய்த் திரும்பி வந்ததாகச் செயலி எண்ணிவிடும். மிகவும் கூட்டினாலோ, உடனே காட்டப்படும் இரண்டாவது சவர்க்காரம் சத்தமின்றி விடுபடும். கடைக்காரருக்கு அதுதான் நட்டம். ஆகவே சேர்ந்ததும் ஒரு ஒலி எழ வேண்டும், ஒரே வகைப் பொருள் பல இருந்தால் எண்ணிக்கையைக் கூட்டப் பெரியதொரு + பொத்தானும் வேண்டும். குழல் விளக்கின் கீழ் ஒரு பொருளை ஐந்து வினாடி சற்றே அசைத்துப் பிடித்துப் பாருங்கள். ஒன்று மட்டுமே விழ வேண்டும்.

இன்னொன்று, இலக்கத்தை எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள 0 போய்விடும், எழுத்துச் சரமாகவே சேமிக்க வேண்டும். கனடாவிலிருந்து வரும் சொக்லேட்டுகளில் பெரும்பாலும் 12 இலக்க UPC-A வகைப் பார்கோட் இருக்கும். சில லைப்ரரிகள் அதை அப்படியே தரும், சில முன்னால் 0 சேர்த்து 13 இலக்க EAN-13 ஆகத் தரும். பொருளைப் பதியும் திரையும் விற்கும் திரையும் இதில் வேறுபட்டால், தட்டில் இருக்கும் பொருளுக்கே "பொருள் இல்லை" என்று வரும். 12 இலக்கமாக வருபவற்றுக்கு இரு திரைகளிலும் `code.padStart(13, "0")` இட்டபின்பே சேமிக்கவும் தேடவும் வேண்டும்.