ஆப்ஷனுக்கு இரண்டு பக்கமும் விலை சொல்பவர் எப்படிச் சம்பாதிக்கிறார்? ஒரு கணக்கோடு பார்க்கலாம்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஆப்ஷன் வாங்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "நான் வாங்கும்போது உடனே விற்கிறாரே, அவர் யார்? சந்தை ஏறினால் அவருக்கு நஷ்டம்தானே?" பல நேரம் அந்த எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் மார்க்கெட் மேக்கர். சந்தை ஏறுமா இறங்குமா என்பதில் அவர் பந்தயம் கட்டுவதில்லை.

புதுச்சேரியில் யூரோ மாற்றும் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்க ஒரு விலை, விற்க அதைவிடச் சற்று கூடுதலாக ஒரு விலை. நடுவில் உள்ள வித்தியாசம்தான் கடைக்காரரின் வருமானம். ஆப்ஷனிலும் இதே வியாபாரம்தான். ஆனால் கடைக்காரர் வாங்கிய யூரோவை அப்படியே விற்றுவிடலாம். ஆப்ஷன் கையில் இருக்கும்போதே மணிக்கு மணி குணம் மாறும். அதனால்தான் வேலை கடினமாகிறது.

படி 1: நியாய விலையைக் கணக்கிடுவது

ஒரு கற்பனைக் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் ஃபியூச்சர், அதாவது முடிவு நாளுக்கு இன்றே விலை பேசி வாங்கி விற்கும் ஒப்பந்தம், 1000 ரூபாய். ஒரு லாட் 500. முடிவு நாளுக்கு இன்னும் 30 நாள். வட்டியை விட்டுவிடுவோம். குறியீடு ஆண்டுக்கு 25 சதவீதம் அளவுக்கு ஆடும் என்று மார்க்கெட் மேக்கர் மதிப்பிடுகிறார். இந்த ஆட்டத்தைத்தான் வாலட்டிலிட்டி என்கிறோம். முடிவு நாளில் 1000 ரூபாய்க்கு வாங்கும் உரிமைதான் 1000 ஸ்ட்ரைக் கால். அதன் விலையைத் தோராயமாக இப்படிப் போடலாம்:

```
0.4 * 1000 * 0.25 * sqrt(30/365) = 28.67
```

முழுச் சூத்திரத்தில் போட்டால் சுமார் 28.60 வரும். ஸ்ட்ரைக்கும் ஃபியூச்சரும் ஒன்றாக இருப்பதால் 1000 புட்டின், அதாவது 1000 ரூபாய்க்கு விற்கும் உரிமையின், விலையும் அதேதான்.

இதில் அவரே தீர்மானிக்க வேண்டியது அந்த 25 ஒன்றுதான். அது ஒரு புள்ளி மாறினால் ஆப்ஷன் விலை சுமார் 1.14 ரூபாய் மாறும். ஆகவே அவர் வாங்குவதும் விற்பதும் உண்மையில் வாலட்டிலிட்டியைத்தான்.

படி 2: இரண்டு விலை சொல்வது

நியாய விலைக்கு இருபுறமும் 40 காசு தள்ளி, 28.20-க்கு வாங்குகிறேன், 29.00-க்கு விற்கிறேன் என்று போடுகிறார். ஸ்ப்ரெட் 80 காசு. இன்னும் குறுக்கினால் வியாபாரம் அதிகம் வரும், ஆனால் தன் மதிப்பீடு கொஞ்சம் பிசகினாலும் அடி விழும். அகலப்படுத்தினால் போட்டியாளர் முந்திக்கொள்வார்.

படி 3: விற்றதும் ஹெட்ஜ்

ஒருவர் வந்து 29.00-க்கு 10 லாட் கால் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் ஆள் இப்போது 5000 கால் விற்றிருக்கிறார். நியாய விலையைவிட 40 காசு கூடுதலாகப் பெற்றதால், காகிதத்தில் 2,000 ரூபாய் லாபம்.

விலை நகர்ந்தாலும் அதைக் காப்பாற்ற எதிர்ப்பக்கம் ஈடு கட்ட வேண்டும், அதுதான் ஹெட்ஜ். இந்தக் காலின் டெல்டா 0.514. அதாவது ஃபியூச்சர் ஒரு ரூபாய் ஏறினால் கால் 51 காசு ஏறும். 5000 காலுக்கு 2570 ஃபியூச்சர் வாங்கினால் சரியாகும். லாட் கணக்கில் 5 லாட், 2500 வாங்குகிறார். 70 மட்டும் பாக்கி நிற்கிறது.

தொடக்கநிலையினர் பலர் இந்த இடத்தில் "சரி, ஹெட்ஜ் ஆகிவிட்டது, ஆபத்து இல்லை" என்று நினைத்துவிடுகிறார்கள். ஃபியூச்சர் 1010-க்கு ஏறட்டும். கால் 28.60-லிருந்து சுமார் 34.02 ஆகும். காலில் நஷ்டம் 27,100. ஃபியூச்சரில் லாபம் 25,000. ஒரே ஒரு சதவீத ஏற்றத்தில் 2,100 ரூபாய் போய்விட்டது, சம்பாதித்த ஸ்ப்ரெட்டும் அதோடு காலி. இதில் 700 ரூபாய் அந்த 70 பாக்கியால் வந்தது. மீதி 1,400 காமாவால் வந்தது: விலை ஏற ஏற டெல்டாவும் கூடும், வாங்கிவைத்த ஃபியூச்சர் போதாமல் போகும். இறங்கினாலும் இதேபோல காமா நஷ்டம் வரும், அப்போது ஃபியூச்சர் தேவைக்கு மேல் இருக்கும்.

இதற்கு ஈடாக, நாள் போகப் போக ஆப்ஷன் விலை தேய்வதால், விற்றவருக்கு நாளொன்றுக்கு 48 காசு தேய்மானம் கிடைக்கும். 5000-க்கு 2,400 ரூபாய். குறியீடு ஒரு நாளில் 13 ரூபாய் அளவுக்கு ஆடினால் காமா நஷ்டமும் தேய்மான வரவும் சமமாகும். அதைவிட அதிகம் ஆடினால் நஷ்டம். ஆக டெல்டா ஹெட்ஜ் திசை ஆபத்தை மட்டுமே நீக்குகிறது, ஆட்டத்தின் ஆபத்து அப்படியே நிற்கிறது.

படி 4: கையிருப்பைப் பார்த்து விலையை நகர்த்துவது

என் பார்வையில் இந்தத் தொழிலின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. 5000 ஆப்ஷன் விற்றுக் குறைவில் நிற்பவர், இனி விற்பதைவிட வாங்கவே விரும்புவார். ஆகவே தன் விலைகளை 25 காசு மேலே தள்ளுகிறார்: வாங்க 28.45, விற்க 29.25. மேலும் வாங்க வருபவருக்கு விலை கூடிவிட்டது. விற்க வருபவர், மற்றவர்களின் 28.20-ஐ விட்டு இவரிடம் வருவார்.

இந்த நகர்த்தலைக் காலுக்கு மட்டுமல்ல, புட்டுக்கும் செய்ய வேண்டும். ஒரே ஸ்ட்ரைக்கில் இரண்டுக்கும் காமா ஒன்றுதான். எதை வாங்கினாலும் குறைவு தீரும்.

படி 5: மறுபக்கம் வந்து சேர்வது

ஃபியூச்சர் இன்னும் 1000-ல் இருக்கும்போது ஒருவர் 28.45-க்கு 10 லாட் புட் விற்கிறார். புட்டின் டெல்டா மைனஸ் 0.486 என்பதால் இன்னும் 5 லாட் ஃபியூச்சர் வாங்க வேண்டும். இப்போது கையில்: 5000 கால் விற்றது, 5000 புட் வாங்கியது, 5000 ஃபியூச்சர் வாங்கியது.

முடிவு நாளில் குறியீடு 1100 என்றால் காலில் 5 லட்சம் நஷ்டம், ஃபியூச்சரில் 5 லட்சம் லாபம். 900 என்றால் ஃபியூச்சரில் 5 லட்சம் நஷ்டம், புட்டில் 5 லட்சம் லாபம். எங்கே நின்றாலும் 29.00-க்கும் 28.45-க்கும் இடையிலான 55 காசு நிற்கும். 5000-க்கு 2,750 ரூபாய். அந்த முதல் 70 பாக்கியும் தானாகச் சரியாகிவிட்டது.

இதிலிருந்து வரி போகும். 2024 அக்டோபர் 1 முதல் இருந்த விகிதத்தில் கணக்கிட்டால், ஆப்ஷன் விற்ற பிரீமியத்துக்கு 0.1 சதவீதம், ஃபியூச்சர் விற்பனைக்கு 0.02 சதவீதம் எஸ்.டி.டி. பிரீமியம் 1,45,000-க்கு 145 ரூபாய். 50 லட்ச ரூபாய் ஃபியூச்சரை விற்று வெளியேற 1,000 ரூபாய். மீதி 1,605, அதிலும் தரகும் இதரக் கட்டணமும் உண்டு. விகிதம் மாறியிருந்தால் புதியதைப் போட்டுப் பாருங்கள். ஸ்ப்ரெட்டை ஏன் இஷ்டத்துக்குக் குறுக்க முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

ரொக்கமும் வேண்டும். குறியீடு 100 ரூபாய் இறங்கினால் ஃபியூச்சர் நஷ்டம் 5 லட்சத்தை அன்றன்றே கட்டியாக வேண்டும். புட்டின் லாபமோ விற்கும்வரை அல்லது முடிவு நாள்வரை கைக்கு வராது. மொத்தத்தில் நஷ்டமே இல்லாத நிலையிலும் பணம் கட்ட முடியாமல் பாதியில் வெளியேற நேரலாம்.

படி 6: யாரோடு வியாபாரம் செய்தோம் என்று பார்ப்பது

ஒவ்வொரு வியாபாரத்துக்கும் ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் கழித்து நியாய விலை எங்கே இருந்தது என்று குறித்துவைக்க வேண்டும். 29.00-க்கு விற்ற காலின் நியாய விலை, ஃபியூச்சர் நகராமலேயே ஐந்து நிமிடத்தில் 29.30 ஆகியிருந்தால், வாங்கியவருக்கு வாலட்டிலிட்டி பற்றி நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. எப்போதாவது நடந்தால் விட்டுவிடலாம். ஒரே ஸ்ட்ரைக்கில் திரும்பத் திரும்ப நடந்தால் அந்த 25 தவறு, அதை உயர்த்த வேண்டும். முக்கிய அறிவிப்புகளுக்குச் சற்று முன் மட்டும் நடந்தால் மதிப்பீட்டை மாற்றத் தேவையில்லை, அந்த நிமிடங்களில் ஸ்ப்ரெட்டை அகலப்படுத்தலாம், அல்லது விலையையே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.