வெட்டிவிட்டு மை பூசாதீர்கள்: கிராஸிங் மேசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியில் எங்கள் லேபுக்குப் புதிதாகப் பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு பெண், போன வாரம் மார்பகக் கட்டி ஒன்றை டப்பாவிலிருந்து எடுத்துப் பலகையில் வைத்தார். நேராகக் கத்தியை எடுத்தார். மை பாட்டில்கள் மூடியபடியே இருந்தன. "கட்டி உள்ள எங்க இருக்குன்னு ஒரு வெட்டு போட்டுப் பாத்துட்டு, அப்புறம் மை பூசிடறேன் மேடம்" என்றார். 18 வருடங்களுக்கு முன்னால் நானும் இதையே சொன்னேன். அன்று என்னைத் தடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

டப்பாவிலும் படிவத்திலும் ஒரே பெயர் இருக்கிறதா, ஃபார்மலின் போதுமான அளவு இருக்கிறதா என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை முதல் நாளே கற்றுக்கொண்டிருப்பீர்கள். தெரிந்தவர்களும் தவறும் இடங்கள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

பார்க்கும் அவசரத்தில் முதல் வெட்டு

மார்ஜின் என்பது சர்ஜனின் கத்தி போன தடம். வெட்டி எடுத்த திசுவின் வெளிப்புறம் முழுக்க அந்தத் தடம்தான். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது ஒரு துண்டின் நான்கு ஓரங்களில் எது சர்ஜன் வெட்டியது, எது நாம் வெட்டியது என்று தானாகத் தெரியாது. மை இருக்கும் ஓரம் சர்ஜனுடையது, மை இல்லாத ஓரம் நம்முடையது. மை பூசுவது இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான். நாம் முதலில் வெட்டிவிட்டால் நம்முடைய ஓரத்திலும் மை இறங்கிவிடும்.

எனக்கு நடந்தது இது. மார்பகத்தை முழுசாக எடுக்காமல் கட்டியை மட்டும் சுற்றுத் திசுவோடு எடுத்த ஸ்பெசிமன். 6.5 x 5 x 3.5 செ.மீ. இருந்தது. மேல்பக்கத்தில் குட்டை நூல், வெளிப்பக்கத்தில் நீள நூல் என்று சர்ஜன் ஒழுங்காகத் தைத்து அனுப்பியிருந்தார். மாலையில் வந்ததால் ஃபார்மலின் இன்னும் உள்ளே போகவில்லை. தொட்டால் பச்சைக் கொழுப்பு வழுக்கியது. இரவு முழுக்க இப்படியே விட்டால் நடுவில் கெட்டுப்போகுமே என்று, பின்பக்கத்திலிருந்து நடுவாக ஒரு வெட்டு போட்டேன். 1.8 செ.மீ. அளவில், சாம்பல் கலந்த வெள்ளையாக, கல் போன்ற கட்டி. பின்பக்கத்திலிருந்து கட்டி 6 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று அளந்து குறித்துக்கொண்டேன். பிறகு இரண்டு பாதியையும் சேர்த்து மூடி, பின்பக்கம் முழுக்கக் கறுப்பு மை பூசினேன்.

மறுநாள் அந்தப் பிளவுக்குக் குறுக்காகத் துண்டு எடுத்தேன். துண்டின் ஒரு ஓரம் பிளவின் சுவராகவே அமைந்துவிட்டது. ஸ்லைடில் புற்றுச் செல்களின் மேலேயே கறுப்பு மை ஒட்டியிருந்தது. பின்பக்க மார்ஜினில் நோய் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மாவுக்கு இரண்டாவது முறை மயக்க மருந்து கொடுத்து, அதே தழும்பைத் திறந்து, அடிப்பகுதித் திசுவை எடுத்து அனுப்பினார்கள். அதில் புற்று இல்லை.

இரண்டாவது ஸ்பெசிமனில் புற்று இல்லை என்பதாலேயே முதல் அறிக்கை தவறு என்று சொல்லிவிட முடியாது. மார்ஜினில் உண்மையாகவே புற்று இருந்தவர்களுக்கும் மறுமுறை எடுத்ததில் ஒன்றும் இல்லாமல் போவதுண்டு. அதனால் பழைய ஸ்லைடுகளை எடுத்து மறுபடியும் உட்கார்ந்தேன். பதில் அங்கேயே இருந்தது. உண்மையான மார்ஜினில் மை ஒரே கோடாக, விளிம்போடு ஒட்டி ஓடும்; மின்கத்தியால் வெட்டியிருந்தால் அந்தக் கோட்டுக்குக் கீழே செல்கள் கருகி, இழுபட்டு நிற்கும். நான் பார்த்த மை திட்டுத் திட்டாக இருந்தது. மேல்முனையில் அடர்த்தியாக இருந்தது, உள்ளே போகப் போக மெலிந்தது. கருகல் எங்கேயும் இல்லை. பிளவின் எதிர்ச்சுவரிலிருந்து எடுத்த துண்டிலும் அதேபோல மை வழிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, என் கையெழுத்தில் 6 மி.மீ. என்று எழுதிய குறிப்பு இருந்தது. கண்ணால் அளந்தது 6 மி.மீ., ஸ்லைடு சொல்வது பூஜ்யம். இந்த முரண் ஒன்றே என்னை நிறுத்தியிருக்க வேண்டும். ஊடுருவும் மார்பகப் புற்றில் மை கட்டியைத் தொடவில்லை என்றால் மார்ஜின் சுத்தம் என்றுதான் கணக்கு. ஆகவே எங்கிருந்தோ வழிந்து வந்த ஒரு துளி மை போதும், அறிக்கையே தலைகீழாகிவிடும்.

திசு கெட்டுப்போகும் என்ற என் பயம் நியாயமானதுதான். மார்பகத் திசுவை எடுத்த 1 மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும். ஈஆர், பிஆர், ஹெர்2 சோதனைகள் சரியாக வர 6 முதல் 72 மணி நேரம் வரை அதில் இருக்க வேண்டும். கொழுப்புக்குள் ஃபார்மலின் மெதுவாகத்தான் இறங்கும், அதனால் திறந்தே ஆக வேண்டும். ஆனால் மை பூசிய பிறகு திறக்க வேண்டும். மை பூசிக் காய்வதற்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. நூல்களைப் பார்த்துத் திசையை உறுதி செய்யுங்கள், அளந்துகொள்ளுங்கள், மை பூசிக் காய விடுங்கள். அதன் பிறகு உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி, ரொட்டி போல 5 மி.மீ. துண்டுகளாக வரிசையாக வெட்டி, இடையில் காஸ் துணி வைத்து, வரிசை கலையாமல் ஃபார்மலினில் இரவு வைத்துவிடுங்கள்.

சில சமயம் ஆபரேஷன் தியேட்டரிலேயே ஆவலில் கட்டியைப் பிளந்து பார்த்துவிட்டு அனுப்புவார்கள். அரூர், பாலக்கோடு பக்கமிருந்து பஸ்ஸில் வரும் டப்பாக்களில் இதை நிறைய பார்த்திருக்கிறேன். அப்போது முதலில் சர்ஜனுக்குப் போன் செய்து, வெட்டியது அவர்தானா, எந்தப் பக்கமிருந்து வெட்டினார் என்று கேளுங்கள். படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பிளவின் இரண்டு சுவர்களிலும் வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு நிறத்தை, நான் மஞ்சளை, பூசிக் காய விட்டுவிட்டு, அதன் பிறகே வெளிப்புறத்துக்கு வாருங்கள். 'மஞ்சள் மார்ஜின் அல்ல' என்று குறிப்பில் எழுதுங்கள். ஸ்லைடில் புற்றின் மேல் மஞ்சள் தெரிந்தால் யாரும் பதற மாட்டார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு இதை நான் மாங்காயில் காட்டுகிறேன். சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிளிமூக்கு மாங்காய்க்கு இங்கே பஞ்சமில்லை. ஒரு மாங்காயைக் கொட்டை வரை கீறி, மூடி, மேலே கறுப்பு மை பூசச் சொல்வேன். இன்னொன்றைக் கீறாமல் பூசச் சொல்வேன். பத்து நிமிடம் கழித்து இரண்டையும் குறுக்கே வெட்டினால், இரண்டாவதில் தோலில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு இருக்கும். முதலாவதில் கீறலின் வழியாகக் கொட்டை வரை கறுப்பு இறங்கியிருக்கும். அதைக் கையில் கொடுத்து, "இதுல தோல் எது, சொல்லு" என்று கேட்பேன். அந்தப் பெண்ணும் போன வாரம் அந்தத் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஈரத்தின் மேல் மை

கொழுப்பின் மேல் ஈரமும் எண்ணெயும் இருந்தால் மை பிடிக்காது. இருக்கும் சின்னச் சின்னக் குழிகளைத் தேடி ஓடும். டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பஞ்சு சுற்றிய குச்சியால் மெல்லியதாகப் பூசுங்கள். ஸ்பெசிமனை மையில் முக்கக் கூடாது. அதன் மேல் சமையல் வினிகரைத் தெளித்து, மறுபடி ஒற்றி, சில நிமிடம் விடுங்கள். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் மையைப் பிடித்து நிறுத்தும். ஃபார்மலினில் போட்டதும் தண்ணீர் கறுத்தால், மை பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

வெட்டும்போது கத்தி மையை உள்ளே இழுத்துக்கொண்டு போவதும் உண்டு. முடிந்த இடத்தில் மை இல்லாத பக்கத்திலிருந்து மை உள்ள பக்கத்துக்கு வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் துடையுங்கள். சிவப்பு மையை நான் தொடுவதில்லை. ஈயோசினின் இளஞ்சிவப்போடு கலந்து கண்ணை ஏமாற்றும்.

நடுக் கட்டியையே எடுப்பது

கட்டியின் நடுவிலிருந்து நான்கு பிளாக் எடுத்து வைத்துவிட்டு, போதும் என்று நினைக்கிறார்கள். நான்கும் ஒரே கதையைத்தான் சொல்லும். பெரிய கட்டியாக இருந்தால் நடுவில் செத்த திசு மட்டுமே வந்து, ஒன்றுமே சொல்லாமலும் போகலாம். கட்டியின் நீளத்தில் 1 செ.மீ.க்கு ஒரு பிளாக் என்று கணக்கு வைத்துக்கொண்டு, அவற்றில் பெரும்பாலானவை கட்டியும் பக்கத்து நல்ல திசுவும் சேரும் ஓரத்திலிருந்து வரும்படி பாருங்கள். கட்டிக்கு வெளியே விரலால் தடவினால் நரம்பு போலக் கெட்டியான வெள்ளை இழைகள் தட்டுப்படும். பால்குழாய்க்குள் இருக்கும் ஆரம்பநிலைப் புற்று அங்கேதான் ஒளிந்திருக்கும். அதையும் எடுங்கள்.

கட்டி நெருங்கி வந்திருக்கும் மார்ஜினைக் குறுக்காக வெட்டி எடுங்கள். கட்டியும் மையும் இடையில் இருக்கும் திசுவும் ஒரே துண்டில் இருந்தால்தான் மைக்ரோஸ்கோப்பில் தூரத்தை அளக்க முடியும். அந்த மார்ஜினைத் தோலுரிப்பது போலத் தட்டையாகச் சீவி எடுத்தால், புற்று இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லலாம், எத்தனை மி.மீ. என்று சொல்லவே முடியாது. தூரமாக இருக்கும் மார்ஜினுக்கு அப்படிச் சீவுவது போதும். ஆனால் எந்த முகம் கீழே வரும்படி பதிக்க வேண்டும் என்று எம்பெடிங் செய்கிறவருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேசட்டைத் திணிப்பது

3 மி.மீ.க்கு மேல் தடிமன் வேண்டாம். மூடியை அழுத்தி மூட வேண்டியிருந்தால் துண்டு பெரிது.

கேசட்டில் பேனாவால் எழுதுவது

பென்சில்.

மிச்சத் திசுவை வரிசை கலைத்துப் போடுவது

பிளாக் எடுத்தது போக மீதித் துண்டுகளை ஒரே குவியலாக டப்பாவில் தள்ளிவிடுகிறார்கள். பிறகு சந்தேகம் வந்தால் எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நாங்கள் அதே வரிசையில் காஸ் துணியில் சுற்றி, அறிக்கை போன பிறகும் குறைந்தது 2 வாரம் வைத்திருக்கிறோம்.

நான் சொன்ன அந்த அம்மாவின் மிச்சத் திசுவும் அப்படித்தான் அலமாரியில் வரிசையாக இருந்தது. இரண்டாவது அறுவை முடிந்து அந்த முடிவு வந்த பிறகுதான் டப்பாவைத் திறந்தேன். பிளவிலிருந்து இரண்டு துண்டு தள்ளி, கட்டி பின்பக்கத்துக்கு மிக அருகே வரும் இடத்திலிருந்து ஒரு பிளாக் எடுத்தேன். கறுப்பு மை ஒரே கோடாக ஓடியது, அதன் கீழே கருகல், அதற்கும் கீழே 5 மி.மீ. நல்ல கொழுப்பு, அதன் பிறகு கட்டி. அந்த ஒரு பிளாக்கை முதல் அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எடுத்திருக்கலாம்.