கத்துகிற வேலை வேறு, காத்திருக்கும் வேலை வேறு: வாரப் பட்டியலைப் பிரிப்பதில் நடக்கும் தவறுகள்

அவசரம் ஒரு பக்கம், முக்கியம் ஒரு பக்கம் என்று நான்கு கட்டம் போட்டு வேலைகளைப் பிரிக்கும் முறை அமெரிக்க அதிபர் ஐசனோவரின் பெயரில் வழங்குகிறது. 1954 ஆகஸ்டில் எவன்ஸ்டன் நகரில் பேசும்போது, அவசரமான பிரச்சினைகளும் முக்கியமான பிரச்சினைகளும் வேறு வேறு என்று ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதை அவர் எடுத்துச் சொன்னார். கட்டம் போட்டு வைத்தவர்கள் பின்னால் வந்தவர்கள். கட்டம் போடுவது ஐந்து நிமிட வேலைதான். எந்த வேலை எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று முடிவு செய்வதிலும், விழுந்தபின் அதை நாமே செய்வதா, வேறு கைக்குக் கொடுப்பதா, தள்ளிப்போடுவதா, விட்டுவிடுவதா என்பதிலும்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

அதைத் தெளிவாகப் பார்க்க ஒரு பட்டியலை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் இருபத்தைந்து பேர் வேலை செய்யும் ஒரு சிறு பனியன் கம்பெனி. தேதி 9, திங்கட்கிழமை காலை. உரிமையாளரின் நோட்டில் இருப்பவை: 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டிய விற்பனை பில் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 (மூன்றரை மணி நேரம்), 15ஆம் தேதிக்குள் பிஎஃப், இஎஸ்ஐ (2), வியாழக்கிழமை அனுப்ப வேண்டிய புது பையரின் சாம்பிள் (6), பணம் கேட்டு அழைத்துக்கொண்டிருக்கும் நூல்காரருக்குப் பதில் (அரை), எண்ணெய் கசியும் ஓவர்லாக் மெஷின் சர்வீஸ் (2), எழுபது நாளாக வராத பாக்கியை வசூலிப்பது (ஒன்றரை), சங்கக் கூட்டம் (3), வாட்ஸ்அப் கேட்லாக்குக்குப் படம் எடுப்பது (4), பழைய சாம்பிள் அலமாரியை ஒழுங்குபடுத்துவது (3), செக்கிங் ஆள் நேர்காணல் (2), 27ஆம் தேதி முடியும் மெஷின் இன்சூரன்ஸ் (1), ஆடிட்டர் கேட்கும், மாத வரியைக் கட்டுவதற்கான ஜிஎஸ்டிஆர்-3பி கணக்கு (4). மொத்தம் முப்பத்திரண்டரை மணி நேரம்.

அழைப்பு வந்தாலே அவசரம் என்று எழுதுவது

இந்தப் பட்டியலில் அதிகம் கத்துகிறவர்கள் நூல்காரரும் ஆடிட்டர் அலுவலகமும். அதனாலேயே இரண்டும் முதல் வரிசைக்குப் போய்விடும். அவசரத்தை யார் கேட்கிறார்கள் என்பதை வைத்து அளக்கக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இரண்டு விஷயம் எழுத வேண்டும்: எந்தத் தேதிக்குப் பிறகு நஷ்டம், அந்த நஷ்டம் யாருக்கு, எவ்வளவு. தேதி இந்த வாரத்துக்குள் வந்தால் அவசரம். நஷ்டம் திரும்பப் பெற முடியாததாகவோ பெரிதாகவோ இருந்தால் முக்கியம். இரண்டும் எழுத வராத வேலை எவ்வளவு சத்தம் போட்டாலும் கீழே போகட்டும்.

ஜிஎஸ்டிஆர்-3பி-யை இப்படி அளந்து பாருங்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்குக் கடைசி நாள் 20. தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் வரும். ஆகவே முக்கியம்தான். ஆனால் வாங்கின பில்களுக்கான வரவைக் காட்டும் 2பி பட்டியல் 14ஆம் தேதிதான் உருவாகும். அதற்கு முன் உட்கார்ந்து கணக்கை ஒத்துப்பார்த்தால், சப்ளையர்கள் ஏற்றாத பில்களைத் தேடிப் பாதி நாள் போகும், பிறகு அதே வேலையை மறுபடி செய்ய வேண்டும். தொடங்கவே முடியாத தேதியில் ஒரு வேலையை அவசரம் என்று எழுதுவது பலரும் செய்வது. அதனால் கடைசித் தேதிக்குப் பக்கத்திலேயே, எந்தத் தேதியிலிருந்து தொடங்கலாம் என்பதையும் எழுதுங்கள்.

ஜிஎஸ்டிஆர்-1 இதற்கு நேர் எதிர். இதற்காக யாரும் அழைக்கமாட்டார்கள். 11ஆம் தேதி தவறினால் நம் பில் வாங்கியவரின் அந்த மாத 2பி-யில் ஏறாது, அவருடைய வரி வரவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். நம் பணத்தை நிறுத்தி வைக்க அவருக்கு ஒரு நியாயமான காரணத்தை நாமே கொடுத்ததாகிவிடும்.

நூல்காரர் விஷயத்தில் எதிர்ப்புறத் தவறும் உண்டு. தினமும் கேட்கிறார் என்பதாலேயே ‘சும்மா கேட்கிறார், அவசரமில்லை’ என்று தள்ளிவிடுவது. அவர் சிறு நிறுவனமாகப் பதிவு பெற்ற உற்பத்தியாளர் என்றால் சட்டப்படி கெடு இருக்கிறது: எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாள், அதுவும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். சரக்கு வந்து இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தால், ஒப்பந்தத் தாள் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. 45 நாள் என்று தாளில் இருந்தால் இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. எந்தத் தேதியில் பணம் போடுவோம் என்று அவரிடம் சொல்லிவிட்டால் அழைப்பும் நிற்கும். தாள் இல்லையென்றால் கெடு ஏற்கெனவே தாண்டிவிட்டது, வட்டி ஓடுகிறது, பணம் இன்றே போக வேண்டும். ஒரே அழைப்பு இரண்டு வேறு கட்டத்தில் விழலாம். தாளைப் பார்க்காமல் அது தெரியாது.

மணி நேரத்தைக் கூட்டாமல் பிரிப்பது

வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று நாற்பத்தெட்டைக் கணக்கில் வைத்துக்கொண்டால் முப்பத்திரண்டரை சுலபமாக அடங்கும்போல் தெரியும். தையல் கூடத்தில் நிற்பது, ஃபோன், வருகிற ஆட்கள் எல்லாம் சேர்ந்து நாளில் ஐந்து மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். மீதி மூன்று, வாரத்துக்குப் பதினெட்டு. அதிலும் கால் பங்கைத் தொடாமல் விட வேண்டும், ஏனென்றால் கரண்ட் போவதும் டையிங்கில் ஷேடு மாறி வருவதும் பட்டியலைப் பார்த்து வருவதில்லை. திட்டமிட முடிவது பதின்மூன்றரை மணி நேரம். ஆக, பத்தொன்பது மணி நேர வேலை இவர் மேசையிலிருந்து போயே ஆக வேண்டும்.

இந்த எண்ணை முதலில் கண்டுபிடித்துவிட்டால் பிரிப்பது நேர்மையாக நடக்கும். இல்லாவிட்டால் பன்னிரண்டு வேலையில் ஒன்பது ‘அவசரம், முக்கியம்’ கட்டத்தில் போய் உட்காரும். முதல் கட்டத்தில் இருப்பவற்றின் மணி நேரம் கையில் இருப்பதைத் தாண்டினால் அளவுகோல் தளர்ந்துவிட்டது என்று பொருள். தேதியும் நஷ்டமும் மறுபடி எழுதிப் பாருங்கள்.

விட்டுவிடுவதில் சங்கக் கூட்டமும் அலமாரியும் போனால் ஆறு மணி நேரம் குறையும். தள்ளிப்போடுவதில் 3பி, கேட்லாக் படம் இரண்டும் சேர்த்து எட்டு. இதுவரை பதினான்கு. மீதி ஐந்து மணி நேரம் வேறு கைக்கு மாற வேண்டும்.

வேலையைக் கொடுத்துவிட்டு சாவியைக் கொடுக்காமல் இருப்பது

அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். ‘ஜிஎஸ்டிஆர்-1-ஐப் பார்த்துக்கோ’ என்று கணக்கரிடம் சொல்லிவிட்டால் வேலை போய்விட்டதாக உரிமையாளர் நினைக்கிறார். 11ஆம் தேதி மாலை தாக்கல் செய்யும்போது ஓடிபி உரிமையாளரின் ஃபோனுக்குத்தான் வரும். அவர் அந்த நேரத்தில் டையிங் யூனிட்டில் இருப்பார். போர்ட்டலும் கடைசி நாளில் மெதுவாக ஓடும். வேலையை முழுதாகக் கொடுக்க முடியாதபோது அதை உடைக்க வேண்டும். பில்களைச் சரிபார்ப்பது, ஜிஎஸ்டி எண் தவறு இருக்கிறதா என்று பார்ப்பது, ஏற்றுவது ஆகிய இரண்டரை மணி நேரம் கணக்கருடையது. மொத்தத் தொகையைப் பார்த்து ஓடிபி போடும் ஒரு மணி நேரம் உரிமையாளருடையது. கெடு 11 அல்ல, 10ஆம் தேதி மாலை ஐந்து மணி.

பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் இப்படியே பிரியும்: சம்பளப் பட்டியலிலிருந்து கோப்பு தயாரிப்பது கணக்கர் (ஒன்றரை), பணம் கட்டுவது உரிமையாளர் (அரை). இந்த வாரத்தில் 15ஆம் தேதி ஞாயிறு. பணம் கட்டுவதில் ஏதாவது சிக்கல் வந்தால் கேட்க ஆள் இருக்காது, அதனால் வெள்ளிக்கிழமையே கெடு. செக்கிங் ஆள் நேர்காணலில் முதல் சுற்றை சூப்பர்வைசர் பார்க்கலாம். பத்து பீஸில் வேண்டுமென்றே மூன்று குறை வைத்துக் கொடுத்து, எத்தனை கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னால் போதும். தேறியவரோடு உரிமையாளர் அரை மணி நேரம் பேசுவார்.

கைமாறியது ஐந்தரை மணி நேரம். ஆனால் விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆகும், அதையும் பட்டியலில் எழுத வேண்டும். நிகரம் ஐந்து. மொத்தம் இப்போது சரியாகப் பதின்மூன்றரை. கொடுக்கும்போது நான்கு விஷயம் வாயால் சொல்லப்பட வேண்டும்: முடிந்தால் எப்படி இருக்கும், எப்போது வேண்டும், எதுவரை நீங்களே முடிவெடுக்கலாம், எங்கே மாட்டினால் என்னைக் கூப்பிட வேண்டும். மூன்றாவதைச் சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு அரை மணிக்கும் கேள்வி திரும்பி வரும், நேரம் மிச்சமாகாது.

தேதி இல்லாமல் தள்ளுவது, சொல்லாமல் விடுவது

‘அடுத்த வாரம் பார்ப்போம்’ என்பது தள்ளிப்போடுதல் ஆகாது. 3பி 16ஆம் தேதி திங்கள், கேட்லாக் படம் 17 செவ்வாய் மதியம் என்று நாளோடு எழுத வேண்டும். ஒரே வேலை எத்தனை தடவை தள்ளப்பட்டது என்று பக்கத்தில் கோடு போட்டு வாருங்கள். மூன்று கோடு விழுந்த வேலையை நான்காவது முறை தள்ளக் கூடாது: இந்த வாரமே செய்யுங்கள், இல்லையென்றால் அடித்துவிடுங்கள்.

ஓவர்லாக் மெஷின் இப்படி மூன்று கோடு வாங்கியது. ஓடுகிறதே என்று எல்லோரும் அதைத் தள்ளுவார்கள். கசியும் எண்ணெய் வெளிர் நிறத் துணியில் பட்டால் பீஸ் ரிஜெக்ட். வியாழக்கிழமை போகும் சாம்பிளும் அதே மெஷினில்தான் தைக்கப்பட வேண்டும். அதனால் அது செவ்வாய்க்குள் முடிய வேண்டிய வேலை, சாம்பிளுக்கு முன்னால் வருகிறது. தனித்தனியாகக் கட்டத்தில் போட்டால் இந்தத் தொடர்பு தெரியாது. ஒவ்வொரு முக்கிய வேலைக்கும் ‘இதற்கு முன் எது முடிந்திருக்க வேண்டும்’ என்று ஒரு வரி எழுதினால்தான் தெரியவரும்.

விட்டுவிடுவதற்கும் ஒரு வேலை இருக்கிறது: எதிர்பார்த்திருப்பவரிடம் சொல்வது. சங்கச் செயலாளருக்குத் திங்கட்கிழமையே ‘இந்தப் புதன்கிழமை வர முடியாதுங்க, என்ன முடிவாச்சுன்னு உங்ககிட்டயே கேட்டுக்கிறேனுங்க’ என்று அனுப்பிவிட்டால் முடிந்தது. சொல்லாமல் விட்டால் புதன் மதியம் மூன்று பேர் அழைப்பார்கள், விட்ட வேலை அவசரமாகத் திரும்பி வரும்.

சனிக்கிழமை மாலை பத்து நிமிடம் எடுத்து, மதிப்பிட்ட மணி நேரத்துக்குப் பக்கத்தில் உண்மையில் ஆனதை எழுதுங்கள். சாம்பிளுக்கு ஆறு போட்டு ஒன்பது ஆகியிருந்தால் அடுத்த சாம்பிளுக்கு ஒன்பதே போட வேண்டும். தொடாமல் விட்ட நாலரை மணி நேரம் எதற்குப் போனது என்பதையும் குறித்து வையுங்கள். ஒரே காரணம் தொடர்ந்து நாலு வாரம் வந்தால் அது எதிர்பாராத வேலை இல்லை, அதற்கும் பட்டியலில் இடம் ஒதுக்க வேண்டும்.