வயல் படங்களில் வேளாண் கருவிகளை அடையாளம் காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயலில் எடுத்த ஒளிப்படங்களுக்குக் குறிப்பு எழுதும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் டிராக்டரையும் பவர் டில்லரையும் குழப்பிக்கொள்வதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அது ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். பல மாதங்கள் வேலை பார்த்த பிறகும் சரியாகாத சில தவறுகள் உண்டு. எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை இப்போது வருகிறவர்களும் செய்கிறார்கள் என்பதால், அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கொத்துக் கலப்பையை விதைப்பான் என்று எழுதுவது

மற்ற எல்லாவற்றையும்விட அதிக இழப்பை உண்டாக்குவது இதுதான். டிராக்டருக்குப் பின்னால் ஒரு இரும்புச் சட்டம், அதிலிருந்து கீழே இறங்கும் கொத்துகள், மேலே ஏதோ ஒரு பெட்டி போன்ற உருவம், சுற்றிலும் புழுதி. இவ்வளவு தெரிந்தவுடன் 'விதைக்கும் கருவி' என்று எழுதிவிடுகிறார்கள். குழப்பத்துக்குக் காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் புழக்கத்தில் உள்ள டிராக்டர் விதைப்பான்களில் ஒரு வகை, ஒன்பது கொத்துக் கலப்பையின் சட்டத்தின் மேலேயே விதைப்பெட்டியைப் பொருத்தி உருவாக்கப்பட்டது. எனவே சட்டத்தையும் கொத்துகளையும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது.

நிலக்கடலை விதைப்பைப் பற்றிய ஒரு துண்டறிக்கையில் நடந்ததைச் சொல்கிறேன். செம்மண் காடு, ஆடிப்பட்டம், டிராக்டரைப் பின்பக்கத்திலிருந்து சற்றே சாய்வாக எடுத்த படம். சட்டத்தின் மேல் நீளவாக்கில் ஒரு கருமையான செவ்வகம் தெரிந்தது. குறிப்பு எழுதியவர் அதை விதைப்பெட்டி என்று கொண்டார். படம் அப்படியே அச்சேறியது. ஒரு மானாவாரி விவசாயி அந்தத் துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு போய் டிராக்டர் வாடகைக்கு விடுபவரிடம் காட்டியிருக்கிறார். அவர் பார்த்துவிட்டு, "இது நம்மகிட்டயே இருக்குங்க, நாளைக்குக் காலையில வந்துடுறேன்" என்று சொல்லியிருக்கிறார். சொன்னபடியே வந்தார். வந்தது சாதாரணக் கொத்துக் கலப்பை. "இதுல விதையை எங்கங்க கொட்டுறது?" என்று அந்த விவசாயி கேட்டதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. அதன்பின் வேறு விதைப்பானைத் தேடி அலைந்து அது வந்து சேர்வதற்குள் மழை ஈரம் காய்ந்துவிட்டது. மானாவாரியில் விதைப்புக்கேற்ற ஈரம் சில நாட்களே நிற்கும். அது போனால் அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு வரிக் குறிப்பு அவருக்கு அந்தப் பட்டத்தைத் தள்ளிப்போட்டது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அந்தப் படத்தை நிதானமாகப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் விடை படத்திலேயே இருந்தது. கருமையான செவ்வகம் என்பது மண் நிரப்பிக் கயிற்றால் கட்டிய இரண்டு உரச்சாக்குகள். நிலம் இறுகலாக இருந்தால் கொத்துகள் ஆழமாக இறங்கட்டும் என்று சட்டத்தின் மேல் இப்படிப் பாரம் ஏற்றுவது உண்டு. சாக்கின் ஓரம் தொய்ந்திருந்தது. தகரப் பெட்டியின் ஓரம் அப்படித் தொய்வதில்லை.

பெட்டியைப் பற்றிய ஐயம் தீராவிட்டாலும் பார்ப்பதற்கு வேறு இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது, குழாய். விதைப்பெட்டியிலிருந்து விதை மண்ணுக்கு வந்து சேர வேண்டுமானால், விதைக்கும் ஒவ்வொரு கொத்தின் பின்புறத்துக்கும் ஒரு குழாய் இறங்கியாக வேண்டும். பெரும்பாலும் அது வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய். வெயிலில் பளபளப்பதால் புழுதியிலும் ஓரளவு தெரியும். ஒரு கொத்துக்கு இரண்டு குழாய்கள் இறங்கினால் பெட்டி இரண்டாகத் தடுக்கப்பட்டிருக்கிறது, விதையோடு உரமும் போடுகிறார்கள் என்று கொள்ளலாம். கொத்துக் கலப்பையில் அந்த இடத்தில் குழாய் இருக்காது. பல கலப்பைகளில், கல்லோ வேரோ தட்டினால் கொத்து பின்வாங்கி மீள்வதற்கான தடித்த சுருள்வில்களே தெரியும். புதியவர்கள் இந்தச் சுருள்வில்களைக் குழாய் என்று நினைப்பதையும் பார்த்திருக்கிறேன். சுருள்வில் சட்டத்தை ஒட்டியே நின்றுவிடும். குழாய் மண் வரை இறங்கும்.

இரண்டாவது, சக்கரம். இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். இத்தகைய விதைப்பானில் விதை விழும் அளவு டிராக்டர் கடக்கும் தூரத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்பதால், விதையை எண்ணித் தள்ளும் அமைப்பைத் தரையில் உருளும் ஒரு சக்கரம் சுழற்றுகிறது. சக்கரத்திலிருந்து பெட்டிக்குச் சங்கிலி ஏறும். வரப்போரத்தில் திரும்புவதற்காகக் கருவியைத் தூக்கியவுடன் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும், விதை விழுவதும் நின்றுவிடும். வெறும் சக்கரத்தைப் பார்த்தவுடனும் முடிவு செய்யக் கூடாது. சில கலப்பைகளில் உழவு ஆழத்தைக் கட்டுப்படுத்தச் சக்கரங்கள் வைத்திருப்பார்கள். அவற்றில் சங்கிலி இருக்காது.

கருவி புழுதியில் முழுதாக மறைந்துவிட்ட படங்களில், அது கடந்துவந்த நிலத்தைப் பாருங்கள். உழுத நிலம் கட்டி கட்டியாகப் புரண்டு கிடக்கும். விதைப்பான் பெரும்பாலும் ஏற்கெனவே புழுதியாக்கிய நிலத்தில்தான் இறங்குகிறது. பின்னால் ஒரே இடைவெளியில் சால்கள் ஓடும், மண் மூடியிருக்கும். மேலே சொன்ன படத்தில் டிராக்டருக்கு முன்னால் தாளும் களையும் நின்றிருந்தன, பின்னால் பெரிய கட்டிகள் கிடந்தன. அது முதல் உழவு.

கருவியின் பெயரையும் நடக்கும் வேலையையும் ஒன்றாக்குவது

இது முந்தைய தவறின் மறுபக்கம். ஒருவர் நாட்டுக்கலப்பையின் மேழியைப் பிடித்து மாடுகளை ஓட்டுகிறார். பின்னால் ஒரு பெண் மடியில் நிலக்கடலைப் பருப்பைக் கட்டிக்கொண்டு, சாலில் ஒவ்வொன்றாக இட்டபடி நடக்கிறார். கருவி கலப்பை, வேலை விதைப்பு. இந்தப் படத்துக்குச் சிலர் 'உழவு' என்று மட்டும் எழுதுகிறார்கள், சிலர் 'விதைப்பான்' என்று எழுதுகிறார்கள். கருவிக்கு ஒரு வரியும் வேலைக்கு ஒரு வரியும் தனித்தனியாக எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

சட்டிக்கலப்பையும் சட்டிப் பலுகும்

சட்டிக்கலப்பையில் இரண்டு மூன்று பெரிய சட்டிகள், ஒவ்வொன்றும் தனித்தனித் தாங்கியில் சாய்ந்து நிற்கும். ஒரே அச்சில் பல சட்டிகள் கோத்திருந்தால் அது பலுகு.

முதுகில் எஞ்சின் இருந்தாலே தெளிப்பான் என்று எண்ணுவது

முதுகில் எஞ்சினைச் சுமந்தபடி புல் வெட்டும் கருவியும் உண்டு. கையில் இருப்பதைப் பாருங்கள். தெளிப்பானில் குழலின் முனையில் நாசில் இருக்கும். விசைத் தெளிப்பானில் தடித்த மடிப்புக் குழாய் வரும். புல்வெட்டியில் நீண்ட இரும்புத் தண்டின் முனை தரையோரம் இருக்கும். கைப்பிடி நெம்புகோல் இல்லை என்பதற்காகத் தெளிப்பான் இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. பேட்டரித் தெளிப்பானில் நெம்புகோல் தேவையில்லை.

கதிரடிக்கும் இயந்திரம்

இந்தப் பெயரை டெல்டா மாவட்டப் படங்களில் மூன்று வெவ்வேறு இயந்திரங்களுக்கு எழுதிவிடுகிறார்கள். முன்புறம் வெட்டும் பட்டையும் கதிரைச் சாய்த்து இழுக்கும் சுழலியும் இருந்தால் அது அறுவடை இயந்திரம். கதிரடிப்பது அதன் வயிற்றுக்குள் நடக்கிறது. அறுவடை முடிந்த வயலில் டிராக்டருக்குப் பின்னால் ஓடி, வைக்கோலை வாரி உருளையாகக் கட்டி வெளியே தள்ளுவது வைக்கோல் கட்டும் இயந்திரம். தனிக் கதிரடிப்பான் வேலை செய்யும்போது நகராது. களத்திலோ வயலோரத்திலோ அதை நிறுத்தி, டிராக்டர் எஞ்சினின் சுழற்சியைக் கடத்தும் பி.டி.ஓ. தண்டையோ பெல்ட்டையோ இணைத்திருப்பார்கள். ஒருவர் கதிரை உள்ளே கொடுப்பார், ஒரு பக்கம் தூசும் சண்டும் பறக்கும், கீழே தானியம் விழும். நகரும் இயந்திரமா நிற்கும் இயந்திரமா என்று ஒரே படத்தில் தெரியாதபோது, சக்கரங்களுக்கு அடியில் கல்லோ கட்டையோ அண்டை கொடுத்திருக்கிறதா என்று தேடுங்கள்.

தெரியாதபோது

'டிராக்டரில் பூட்டிய உழவுக் கருவி, வகை தெரியவில்லை' என்று எழுதுங்கள். அந்தக் குறிப்பை நம்பி யாரும் தவறான கருவியை வாடகைக்கு எடுக்கமாட்டார்கள்.