தங்கச்சி கல்யாணத்துக்கு அனுப்புன காசு திரும்பி வந்த கதை

மண்டபத்துக்கு சிங்கப்பூர்ல இருந்து ஊர்ல அப்பா கணக்குக்கு 5000 வெள்ளி அனுப்பணும். ரேட் ஏறும் ஏறும்னு காத்திருந்து, கடைசில ஞாயித்துக்கிழமை தேக்கால வரிசைல நின்னு அனுப்பினேன், சம்பளம் போட்ட வாரம் வேற, சரியான கூட்டம். நாலு நாள் ஆச்சு, பணம் போய் சேரல. கடைல கேட்டா "ப்ராசஸிங்", அப்பா பேர்ல இனிஷியல் தப்போன்னு ஒரு நாள் அலைஞ்சேன், அதுவும் இல்ல.

அஞ்சாவது நாள் காசு திரும்பி வந்துச்சு. அப்பாவ புது செக் லீஃப் போட்டோ அனுப்பச் சொல்லி பாத்தா, ஐஎஃப்எஸ்சி கோடோட முதல் நாலு எழுத்தே வேற! அவர் பேங்க் 2020ல இன்னொண்ணோட சேந்துருச்சு, நான் பழைய பாஸ்புக்க பாத்து குடுத்திருக்கேன். கணக்கு நம்பர் மாறலங்கறதால யாருக்கும் சந்தேகமே வரல.

இந்த தடவ புது கோட் போட்டு செவ்வாய் காலைல ஆப்ல மொதல்ல 50 வெள்ளி அனுப்பினேன், அப்பாக்கு மெசேஜ் வந்ததும் மீதிய அனுப்பினேன், அன்னைக்கே கிடைச்சிருச்சு. அதுக்குள்ள ஒரு வெள்ளிக்கு 40 காசு ரேட் இறங்கி 2000 ரூபா போச்சு. பத்து காசுக்கு காத்திருந்தவன் நான்.