காய்ச்சல் இல்லை, சரி. பனடோல் எத்தனை மணிக்குப் போட்டவ?

போன மாதம் பயிற்சிக்கு வந்த ஒரு பிள்ளையோடு கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடி வீட்டுக்குப் போயிருந்தேன். தாய்க்குப் பிரசவமாகி 9ஆம் நாள். சுகப்பிரசவம், கீழே தையல். பயிற்சிப் பிள்ளை தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "37.3, காய்ச்சல் இல்லை மிஸ்" என்று எழுதி, புத்தகத்தை மூடப் போனாள். 20 வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் ஒரு வீட்டில் எழுதி மூடினேன். பிரசவத்துக்குப் பிறகு கருப்பையில் கிருமி பிடித்திருப்பதை நாம் எங்கெங்கே தவறவிடுகிறோம் என்று அதனால்தான் எழுதுகிறேன். கை கழுவுங்கள், பேடை அடிக்கடி மாற்றுங்கள் என்பதெல்லாம் வார்டிலேயே சொல்லிவிடுவார்கள்.

மாத்திரை குறைத்த சூட்டை நம்புவது

அந்த வீட்டில் என் கண்ணில் முதலில் பட்டது மின்விசிறி. ஏப்ரல் வெயிலில், மத்தியானம் 2 மணிக்கு, அதை நிறுத்திவிட்டு தாய் போர்வையோடு படுத்திருந்தா. "என்ன தங்கச்சி, குளிருதா?" என்று கேட்டேன். பதில் சொன்னது மாமியார்: "ராத்திரி நல்லா நடுங்கினவ மிஸ். பால் காய்ச்சல்தானே. பனடோல் குடுத்தோம், விட்டுட்டுது."

கடைசி இரண்டு பனடோல் போட்டது மத்தியானம் 12 மணிக்கு. அதற்கு முந்தையது காலை 6 மணிக்கு. பனடோலின் வேலை 4 முதல் 6 மணித்தியாலம் நிற்கும். 2 மணிக்குச் சூடு பார்த்தால் தெரிவது மாத்திரை வேலை செய்கிறது என்பது மட்டும்தான். கிருமி குறைந்ததா கூடியதா என்று அந்த எண் சொல்லாது. தையல் நோவுக்கும் சிசேரியன் காயத்துக்கும் நாமே மாத்திரை கொடுத்து அனுப்புகிறோம். ஆகவே பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் காய்ச்சல் வெளியே தெரியாமல் இருப்பது சாதாரணம்.

மாத்திரையால் அவ்வளவு எளிதில் மறைக்க முடியாதது நாடி. மணிக்கட்டில் விரலை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணச் சொன்னேன். 118. சூடு 37.3இல் இருக்கும்போது, பேசாமல் படுத்திருக்கும் பெண்ணுக்கு 118 ஏன்? அப்புறம் மூச்சு. நிமிடத்துக்கு 24.

பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்த்தோம். பிரசவம் முடிந்ததும் கருப்பை தொப்புள் அளவில் நிற்கும். அதன் பிறகு நாளுக்கு ஏறக்குறைய ஒரு விரல் வீதம் இறங்கும். 10ஆம் நாளையொட்டி, கீழே எலும்புக்குப் பின்னால் போய், கைக்குத் தட்டுப்படாமல் ஆகிவிட வேண்டும். இவவுக்கு அது தொப்புளுக்கு மூன்று விரல் கீழேதான் நின்றது. அழுத்தியதும் முகம் சுருங்கியது. "5ஆம் நாள் இவ்வளவு நோகல்ல மிஸ், இப்பதான் கூடிட்டு" என்றா. எனக்கு அந்த ஒரு வரி போதும். பிரசவ நோவு நாளுக்கு நாள் குறையத்தான் வேண்டும். குறைந்துவந்த நோவு திரும்பக் கூடினால் உள்ளே ஏதோ நடக்கிறது.

1990 அம்புலன்ஸுக்கு அழைத்தோம். வைத்தியசாலையில் இரத்தம் எடுத்துக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் நரம்பு வழியாக மருந்தை ஆரம்பித்தார்கள். ஸ்கேனில் நச்சுக்கொடியின் சிறு துண்டு ஒன்று உள்ளே தங்கியிருந்தது தெரிந்தது, அதை எடுத்தார்கள். வைத்தியசாலைக்குப் போய் 6ஆம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டா.

நான் புத்தகத்தை மூடிய அந்தப் பழைய வீட்டுத் தாய் மறுநாள் விடியற்காலை நினைவு தடுமாறி அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனா. பிழைத்தா. கைப்பிள்ளை மூன்று வாரம் தாயில்லாமல் கிடந்தது. "காய்ச்சல் இல்லை" என்ற என் கையெழுத்து இன்னும் எனக்கு மறக்கவில்லை.

பால் காய்ச்சல் என்ற சொல்லையே நான் வெறுக்கிறேன். பால் கட்டிச் சூடு வருவது உண்டுதான். அது பெரும்பாலும் 2ஆம் நாளிலிருந்து 4ஆம் நாளுக்குள், இரண்டு மார்பும் கல்லுப்போல இறுகும்போது வரும். கொஞ்சச் சூடுதான், ஒரு நாளில் போய்விடும். 9ஆம் நாள் நடுங்கி வருவது அதுவல்ல. மார்பில் கிருமி பிடித்தால் பெரும்பாலும் ஒரு பக்கம் சிவந்து நோகும். அதற்கும் வைத்தியர் வேண்டும். எதுவானாலும் பால் கட்டினால் அடிவயிறு நோகாது, கீழே நாறாது.

ஆகவே மாத்திரை போடுமுன் சூட்டைப் பாருங்கள், பார்த்த நேரத்தோடு எழுதி வையுங்கள். 38 பாகை, வீட்டுத் தெர்மாமீட்டரில் 100.4, வந்தால் அன்றே வைத்தியசாலை. நோவுக்குப் பனடோல் போடுவது பிழையில்லை. அதைப் போட்டுவிட்டு "விட்டுட்டுது" என்று இருப்பதுதான் பிழை.

சாம்பிராணி

அந்த அறையில் காலையிலிருந்தே புகை. பிள்ளைக்கு என்றார்கள். உண்மையில் தாய்க்குக் கீழே படுவதிலிருந்து வந்த மணம் மாமியாருக்குத் தெரிந்திருந்தது. "துடக்கு வீடு என்றால் அப்படித்தான்" என்று விட்டுவிட்டா. அப்படி இல்லை. பிரசவத்துக்குப் பிறகு முதல் மூன்று நாலு நாள் சிவப்பாகப் படும், பிறகு பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு, 10 நாளுக்குப் பிறகு வெளிர் மஞ்சள். நாலு முதல் ஆறு வாரம் வரை இருக்கலாம். இது மாதவிலக்கு இரத்தத்தைப்போல மணக்கும், அவ்வளவுதான். பேடை மாற்றும்போது அழுகிய மீன் போல, மூக்கைத் திருப்பும் நாற்றம் வந்தால் அது நோய். வெளிர் மஞ்சளாகிவிட்டது திரும்பச் சிவந்து அதிகமானாலும் நோய்தான்.

மணம் வராவிட்டால் நல்லது என்றும் இல்லை. ஸ்ட்ரெப்டோகொக்கஸில் ஒரு வகை உண்டு, தொண்டைப்புண் தரும் அதே கிருமி. அது கருப்பைக்குள் போனால் நாற்றமே இல்லாமல், ஓரிரு நாளில், சிலவேளை சில மணித்தியாலங்களில், ஆளைச் சாய்த்துவிடும்.

"டெங்கு இல்லை, பயமில்லை"

கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் ஓடுவது இரத்தப் பரிசோதனைக்கு. பிளேட்லெட் நல்லா இருக்கு என்றதும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். டெங்கு பார்க்க வேண்டியதுதான். ஆனால் பிளேட்லெட் எண்ணிக்கை கருப்பையைப் பற்றி எதுவும் சொல்லாது.

வீட்டில் மிஞ்சிய அன்டிபயோட்டிக்

வேண்டாம். கிருமி பாதி அடங்கி, பாதி வளரும்.

உள்ளே கழுவுவது

தண்ணீரோ வேப்பிலையோ டெட்டோலோ, எதுவும் உள்ளே போகக் கூடாது.

திங்கள் கிளினிக் வரைக்கும் இருப்பது

நச்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் கருப்பைக்குள்ளே திறந்த காயம். இரத்தக் குழாய்கள் நிறைந்த இடம் அது. அங்கே பிடித்த கிருமி இரத்தத்தில் இறங்க அதிக நேரம் எடுக்காது. பிறகு இரத்த அழுத்தம் விழும், சிறுநீர் குறையும், கை கால் சில்லிடும், பேச்சு குழறும். சில பேருக்கு அந்தக் கட்டத்தில் சூடு 36க்கும் கீழே போய்விடும். வீட்டில் "குறைந்துவிட்டது" என்று சந்தோஷப்படுவார்கள். அந்த நிலையில் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் மருந்து ஏற வேண்டும் என்றுதான் வைத்தியர்களே ஓடுவார்கள். வெள்ளி இரவு தொடங்கியது திங்கள் வரை பொறுக்காது.

அவசர சிகிச்சைப் பிரிவில் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் காய்ச்சல் வரிசையில் உட்கார வைத்துவிடக்கூடும். சேலையோ கவுனோ, பார்த்தவுடன் பிள்ளை பெற்றவள் என்று யாருக்கும் தெரியாது. சிங்களம் வராவிட்டால் கர்ப்பிணி அட்டையை நீட்டுங்கள். முதல் வசனமே "பிள்ளை பிறந்து 9 நாள்" என்பதாக இருக்கட்டும். அடுத்தது, கடைசிப் பனடோல் எத்தனை மணிக்கு. கழற்றிய பேடை ஒரு பையில் கட்டிக் கொண்டுபோங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, மிஸ்மார் பார்க்கத்தான் கேட்பார்கள். பிள்ளையையும் பால் குடிக்கத் தூக்கிக்கொண்டே போங்கள்.