வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரத் தடையா? உங்கள் ஒப்பந்தத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள்

மட்டக்களப்பில் களைநாசினி, கிருமிநாசினி விற்கும் ஒரு ஏஜென்சியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். விலகி, அக்கரைப்பற்றில் நீர்ப்பம்பி விற்கும் ஒரு கடையில் சேரப் போகிறேன் என்று தெரிந்ததும் சட்டத்தரணி கடிதம் வந்தது. ஒப்பந்தத்தில் இருந்த வாசகம் ஏறக்குறைய இப்படி: "விலகிய நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்கு, கிழக்கு மாகாணத்தில், விவசாயப் பொருள் தொடர்பான எந்தத் தொழிலிலும் ஊழியராகவோ பங்காளியாகவோ ஈடுபடக் கூடாது."

முதலில் ஒப்பந்தத்தை அச்செடுங்கள். தொலைபேசித் திரையில் இந்த வேலை சரிவராது. இரண்டு நிறப் பேனை போதும். போட்டித் தொழிலில் சேரவே கூடாது என்பதை ஒரு நிறத்தில் கோடிடுங்கள். பழைய வாடிக்கையாளரை அணுகக் கூடாது, இரகசியத்தை வெளியிடக் கூடாது என்பவற்றை மற்ற நிறத்தில் கோடிடுங்கள். நீதிமன்றத்தில் அடிக்கடி விழுவது முதல் நிறம்தான். மற்றது ஓரளவு நியாயமாக எழுதப்பட்டிருந்தால் நிற்கும், அதோடு விளையாட வேண்டாம்.

அடுத்ததில்தான் பலர் தடுமாறுகிறார்கள். யூடியூபில் தமிழில் தேடினால் வருவதெல்லாம் இந்திய விளக்கம். அங்கே 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இப்படியான தடையைப் பொதுவாகச் செல்லாது என்கிறது. அந்தச் சட்டம் இலங்கைக்குப் பொருந்தாது. இங்கே தடை நியாயமானதா என்றுதான் பார்ப்பார்கள். அதாவது முதலாளிக்குக் காப்பாற்ற வேண்டிய உண்மையான நலன் ஒன்று இருக்க வேண்டும், தடையும் அந்த நலனுக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது.

எது உண்மையான நலன்? வாடிக்கையாளரோடு அவருக்கிருக்கும் உறவும் தொழில் இரகசியமும். போட்டியே வரக் கூடாது என்ற ஆசை அதில் சேராது. எந்த வயலுக்கு எந்த மருந்து என்று நான் பழகிக்கொண்ட திறமையும் சேராது, அது என்னோடு வருகிற சொத்து.

இனி வாசகத்தை மூன்று கேள்வியால் அளந்து பார்த்தேன்.

இடம்: என் ரூட் களுவாஞ்சிக்குடியிலிருந்து வெல்லாவெளி வரைதான். திருகோணமலையில் ஒரு கடைக்காரருக்குக்கூட என்னைத் தெரியாது. பிறகு ஏன் முழு மாகாணமும்? 1913இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, அன்று அதுதான் அங்கே உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம், இதே மாதிரி ஒரு வழக்கைப் பார்த்தது. லண்டனில் ஒரு சிறு பகுதியில் வீடு வீடாகப் போய் விற்ற ஒருவருக்கு, லண்டனைச் சுற்றி 25 மைலுக்கு 3 ஆண்டுத் தடை. தேவைக்கு மேல் அகலம் என்று தள்ளினார்கள். முதலாளிக்காக அதைச் சுருக்கி எழுதிக் கொடுக்கவும் மறுத்தார்கள்.

தொழில்: "விவசாயப் பொருள் தொடர்பான எந்தத் தொழிலும்" என்றால் நீர்ப்பம்பி, உழவு இயந்திரம், வைக்கோல் வியாபாரம்வரை போகும். ஏஜென்சியோ பம்பி விற்றதே இல்லை.

காலம்: எனக்குத் தெரிந்த இரகசியம் கடைகளுக்குக் கொடுக்கும் கழிவு வீதமும் கடன் தவணையும். அவை பெரும்போகத்துக்கு ஒன்று, சிறுபோகத்துக்கு ஒன்று என்று மாறும். ஒரு வருடத்தில் பழசாகிப்போகும் தகவலைக் காக்க 2 ஆண்டு எதற்கு?

இந்த மூன்றையும் ரூட் பட்டியலோடு ஒரு பக்கத்தில் எழுதி, உள்ளூர்ச் சட்டத்தரணி ஒருவரிடம் கொடுத்தேன். பதில் கடிதத்தை அவரே அனுப்பினார். அதற்குப் பிறகு ஏஜென்சியிடமிருந்து மறுகடிதம் இல்லை. நீங்களே பதில் எழுதாதீர்கள். கோபத்தில் எழுதும் ஒரு வரி நாளைக்கு உங்களுக்கெதிராக வந்து நிற்கும். கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் சரியில்லை, அவர்கள் மாவட்ட நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்கலாம்.

நான் அதே கடைகளுக்கு, அதே ரூட்டில், போட்டிக் கம்பனியின் களைநாசினி விற்கப் போயிருந்தால் கதை வேறு. தடை 6 மாதமும் என் ரூட் இருக்கும் பட்டிருப்புத் தொகுதியும் மட்டும் என்றிருந்தால் அது நிற்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். வாடிக்கையாளர் பட்டியலைப் படமெடுத்துக் கொண்டு போனாலும் வாதம் கெட்டுவிடும், ஒப்பந்தத்தில் எழுதியிருக்காவிட்டாலும் அது தவறுதான்.

பின்சேர்க்கை: கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி, தன்னை முன்னறிவித்தலே இல்லாமல் நிறுத்திவிட்டார்கள், தடை இன்னும் உண்டா என்று கேட்டிருந்தார். முதலாளியே ஒப்பந்தத்தை மீறி ஒருவரை நீக்கினால் தடையும் அவரைக் கட்டுப்படுத்தாது என்று 1909இல் இங்கிலாந்தில் தீர்ப்பு வந்திருக்கிறது. அதை வாதமாக வைக்கலாம், நீக்கிய கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொருவருக்கு, போட்டிக் கடையில் சேர்ந்ததால் பணிக்கொடை தர மாட்டோம் என்கிறார்களாம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி மோசடி, கையாடல், முதலாளியின் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் செய்தல் போன்ற காரணங்களுக்கே அதைப் பிடித்து வைக்கலாம். போட்டிக் கடையில் சேர்வது அந்தக் காரணங்களில் இல்லை. தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள் தம்பி.